கதையின் உச்சி எங்கே இருக்கிறது?

பள்ளியில் சிறுகதைப் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கைக்கு ஒரு தாள் வரும். அதில் மலை மாதிரி ஒரு கோடு முன்பே அச்சாகியிருக்கும். இடது அடிவாரத்தில் ‘அறிமுகம்’, ஏறுகிற சரிவில் ‘சிக்கல் வளர்ச்சி’, உச்சியில் ‘உச்சக்கட்டம்’, இறங்குகிற சரிவில் ‘தணிவு’, வலது அடிவாரத்தில் ‘முடிவு’ என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வரி எழுதினால் வேலை முடிந்தது. பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகும், அந்தக் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கோட்டை வேறு யாரோ போட்டுவிட்டதுதான் காரணம். இந்தப் பயிற்சியில் யோசிக்க வேண்டிய வேலை முழுவதும் அந்தக் கோட்டைப் போடுவதில்தான் இருக்கிறது. அதனால் வெற்றுத்தாளில் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

அச்சாகி வருகிற அந்த முக்கோணம் சிறுகதைக்காகப் பிறந்ததும் அல்ல. குஸ்தாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1863-இல் நாடகக் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சோஃபக்ளிஸ், ஷேக்ஸ்பியர், ஷில்லர் ஆகியோரின் துன்பியல் நாடகங்களைப் பிரித்துப் பார்த்து, ஏறி இறங்கும் வடிவம் ஒன்றை அதில் வகுத்துக் காட்டினார். ஐந்து அங்க நாடகத்தில் நாயகனின் விதி திரும்புகிற இடம் ஏறக்குறைய நடுவில், மூன்றாம் அங்கத்தில் வரும். அதனால்தான் இரு பக்கமும் சமமான முக்கோணம். பிற்காலத்தில் அது பள்ளிக்கூடத் தாளுக்கு இடம்பெயர்ந்து, எல்லாக் கதைக்கும் ஒரே அச்சு என்றாகிவிட்டது. சிறுகதையின் உச்சி பெரும்பாலும் நடுவில் இருப்பதில்லை. முக்கால் பங்கு தாண்டி இருக்கலாம், கடைசி வரியிலேயே இருக்கலாம். எங்கே என்று தேடுவதுதான் பயிற்சி.

ஒரு கதையை எடுத்துக்கொண்டு வரைந்தே பார்த்துவிடலாம். பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1884-இல் எழுதிய வைர நெக்லஸ் கதை இதற்குப் பொருத்தமானது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலிலும் அது இடம்பெற்றிருப்பதால் பல வீடுகளில் தெரிந்த கதை. மத்தில்டா அழகான பெண். பாரிஸில் கல்வி அமைச்சகத்து எழுத்தர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, கிடைக்காத செல்வத்தை நினைத்தே ஏங்கிக்கொண்டிருப்பவள். ஒரு நாள் மாலை அமைச்சர் வீட்டு விருந்துக்கு அழைப்பிதழ் வருகிறது. துப்பாக்கி வாங்குவதற்காகக் கணவன் சேர்த்துவைத்திருந்த 400 பிராங்கில் அவளுக்குப் புது உடை தைக்கிறார்கள். நகை இல்லையே என்று, உடன் படித்த பணக்காரத் தோழி திருமதி ஃபோரெஸ்தியேயிடம் வைர நெக்லஸ் ஒன்றை இரவல் வாங்குகிறாள். விருந்தில் எல்லாக் கண்களும் அவள்மேல்தான். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி வீடு வந்து கண்ணாடி முன் நின்றால் கழுத்தில் நெக்லஸ் இல்லை.

தெருத் தெருவாகத் தேடியும் கிடைக்கவில்லை. அதே மாதிரி ஒன்றைக் கடையில் கண்டுபிடித்து 36,000 பிராங்குக்கு வாங்குகிறார்கள். கணவனுக்கு அப்பா விட்டுப்போன 18,000 போக மீதி முழுவதும் கடன். நெக்லஸைப் பெட்டியில் வைத்துத் தோழியிடம் கொடுத்துவிடுகிறாள். பிறகு பத்து வருடம் கடன் அடைக்கிறார்கள். வேலைக்காரியை நிறுத்தி, வீட்டைக் காலிசெய்து மாடத்து அறைக்குப் போய், பாத்திரம் தேய்த்து, தண்ணீர் சுமந்து மத்தில்டா கிழடுதட்டிப் போகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்ஸ் எலிசே சாலையில் தோழியைப் பார்த்து, தலை நிமிர்ந்து உண்மையைச் சொல்கிறாள். தோழி பதறிப்போய்ச் சொல்லும் பதிலோடு கதை முடிகிறது. அந்த நெக்லஸ் போலி, மிஞ்சினால் 500 பிராங்க் பெறும்.

வரைவதற்கு முன்னால் கதையைச் சம்பவங்களாக நறுக்க வேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் ஒரு சம்பவம். சீட்டில் உள்ள வாக்கியத்தில் ஓர் ஆளும் அவர் செய்த ஒரு செயலும் இருந்தே ஆக வேண்டும். ‘மத்தில்டா பேராசை பிடித்தவள்’ என்பது சம்பவம் ஆகாது, கருத்து. ‘மத்தில்டா அழைப்பிதழை மேசைமேல் எறிந்தாள்’ என்பது சம்பவம். இந்த ஒரு விதி பின்னால் வரும் பல தவறுகளை முளையிலேயே கிள்ளிவிடும். முக்கியமாக, ‘முடிவு’ கட்டத்தில் ‘பேராசை பெருநஷ்டம்’ என்று எழுதுகிற பழக்கம் போய்விடும். அது கதையிலிருந்து படிப்பவர் எடுத்துக்கொண்ட நீதி. கதையில் கடைசியாக நடந்தது என்ன என்பதற்கு அது பதில் அல்ல. இந்தக் கதைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து சீட்டு போதும். முப்பதுக்குப் போய்விட்டால் கதையைத் திரும்பச் சொல்லத் தொடங்கிவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்துத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற கேள்வி. தாளில் உயரம் எதைக் குறிக்கிறது? கணித வகுப்பில் வரைபடம் போட்டால் அச்சுக்குப் பெயர் எழுதாமல் விட்டால் மதிப்பெண் போய்விடும். மொழி வகுப்பில் யாரும் கேட்பதில்லை. மத்தில்டாவின் மகிழ்ச்சிதான் உயரம் என்று வைத்துக்கொண்டால் விருந்து இரவு உச்சிக்குப் போய்விடும், நெக்லஸ் தொலைந்த நிமிடம் பாதாளத்தில் கிடக்கும். அப்படி வரைவதும் ஒரு முறைதான். அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட் கதைகளை நல்ல காலம், கெட்ட காலம் என்ற அளவில் கோடு போட்டுக் காட்டியவர். ஆனால் வகுப்பில் கேட்கப்படும் கோடு வேறு. அதில் உயரம் என்பது பதற்றம். அதாவது, கதை எழுப்பிய கேள்விக்கு விடை தெரியாமல் படிப்பவர் எவ்வளவு தவிக்கிறார் என்பது. இரண்டு அளவையும் ஒரே கோட்டில் கலந்துவிட்ட பிள்ளைதான் விருந்தை உச்சக்கட்டம் என்று எழுதுகிறது. அதைத் தவறு என்று அடிப்பதைவிட, ‘உன் கோட்டில் உயரம் எதைக் காட்டுகிறது’ என்று கேட்டால் அதுவே திருத்திக்கொள்ளும்.

எனவே இடது ஓரத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு 0 முதல் 10 வரை குறித்து, ‘பதற்றம்’ என்று எழுதிவிடுங்கள். அடியில் கிடையாக ஒரு கோடு. இதற்கும் அளவு வேண்டும். கதைக்குள் ஓடுகிற காலமா, கதை எடுத்துக்கொள்ளும் பக்கமா? காலத்தை எடுத்தால் இந்தக் கதையில் விழி பிதுங்கிவிடும். அழைப்பிதழ் வந்ததிலிருந்து நெக்லஸ் திரும்பப் போனது வரை நடந்த அத்தனையும் சில வாரங்களுக்குள் அடங்கிவிடும். மீதித் தாள் முழுவதும் பத்து வருடக் கடன். ஆனால் மாப்பசான் அந்தப் பத்து வருடத்தைச் சில பத்திகளில் சொல்லி முடித்துவிடுகிறார். பக்கக் கணக்கை எடுப்பதே நல்லது. கதை பத்துப் பக்கம், கிடைக்கோடு 20 செ.மீ. என்றால் பக்கத்துக்கு 2 செ.மீ. எந்தச் சம்பவம் எந்தப் பக்கத்தில் வருகிறதோ அந்த இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். எழுத்தாளர் எங்கே நின்று பேசினார், எங்கே ஓடினார் என்பது இப்படி வைக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இனி அறிமுகம். அது எங்கே முடிகிறது என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அறிமுகத்தில் சொல்லப்படுபவை பெரும்பாலும் வழக்கமாக நடப்பவை. மத்தில்டா ஏங்குவாள், கனவு காண்பாள், பணக்காரத் தோழியைப் பார்த்துவிட்டு வந்தால் நாள்கணக்கில் அழுவாள். இவற்றுக்குத் தேதி கிடையாது. பிறகு ‘ஒரு நாள் மாலை’ என்று வருகிறது. கணவன் உறையோடு உள்ளே நுழைகிறான். அங்கே அறிமுகம் முடிந்தது. சந்தேகம் இருந்தால் அந்தச் சீட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். அழைப்பிதழ் வராவிட்டால் மத்தில்டா ஏங்கிக்கொண்டே இருந்திருப்பாள், கதை இருந்திருக்காது. புள்ளி ஒன்றின் உயரத்திலேயே நகர்ந்துவந்த கோடு அங்கேதான் முதல்முறையாக நிமிர்கிறது. அறிமுகத்தில் போகிறபோக்கில் வந்த தோழியையும் இப்போதே ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொள்ளலாம், பின்னால் அவள்தான் வரப்போகிறாள்.

உடைக்குப் பணம் கேட்பது, நகைக்கு அலைவது, இரவல் வாங்குவது எல்லாம் இரண்டிலிருந்து நான்குக்குள் அடங்கும். ஒவ்வொரு தடையும் உடனே தீர்ந்துவிடுவதால் கோடு ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறும். வழவழப்பான சரிவாக இருக்காது. விருந்து இரவு நான்கு. அவள் மகிழ்ச்சியின் உச்சியில் இருக்கிறாள், நமக்கோ பெரிய கவலை ஒன்றும் இல்லை. நெக்லஸ் தொலைந்தது தெரிகிற நிமிடத்தில் கோடு ஒரே தாவாக எட்டுக்குப் போகிறது. பக்கக் கணக்கில் இது கதையின் பாதியைச் சற்றுத் தாண்டிய இடம்.

பல பிள்ளைகள் உச்சக்கட்டம் என்று குறிப்பது இங்கேதான். வேறு சிலர் கடைசி வரியைக் குறிப்பார்கள். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு மூன்றாவதாக ஓர் இடம்தான் சரியென்று படுகிறது. உச்சக்கட்டத்தை அடையாளம் காண நான் கேட்கும் கேள்வி, எந்தச் சம்பவத்துக்குப் பிறகு பாத்திரத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை என்பது. நெக்லஸ் தொலைந்த பிறகும் வழி இருந்தது. தோழியிடம் ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். புது நெக்லஸ் வாங்கிய பிறகும் வழி அடைபடவில்லை. பிப்ரவரி முடிவதற்குள் பழையது கிடைத்துவிட்டால் 34,000 பிராங்குக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரனிடம் பேசி வைத்திருந்தார்கள். மாப்பசான் இந்தச் சின்ன விவரத்தைக் கதையில் வைத்திருப்பது வீணாக அல்ல. கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது என்று நமக்குச் சொல்வதற்கு.

அடைபடுவது, மத்தில்டா பெட்டியைத் தோழியிடம் நீட்டும்போது. தோழி முகம் கொடுத்துப் பேசவில்லை. சீக்கிரம் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று சிடுசிடுக்கிறாள். பெட்டியைத் திறந்து பார்ப்பாளோ, மாற்று நகை என்று கண்டுபிடித்துவிடுவாளோ, தன்னைத் திருடி என்று நினைத்துவிடுவாளோ என்று மத்தில்டா நடுங்குகிறாள். தோழி திறக்கவில்லை. அந்த நொடியில் ‘மாட்டிக்கொள்வாளா’ என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கூடவே பத்து வருட வாழ்க்கையும் தீர்மானமாகிவிட்டது. அவள் திறந்து பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே உடைந்திருக்கும், கடனும் இல்லை, கதையும் இல்லை. நான் பத்து என்று புள்ளி வைப்பது இங்கே. கதை நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

இதை ஒப்புக்கொள்ளாத பிள்ளைகள் இருப்பார்கள், இருக்கவும் வேண்டும். நெக்லஸ் தொலைந்த இடம்தான் உச்சி என்பவன், அதற்குப் பின் வருபவை எல்லாம் அதன் விளைவுகள் என்று வாதாடலாம். நான் ஆசிரியரிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். உச்சிப் புள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். கதை எழுப்பிய கேள்வி எது, இந்தச் சம்பவம் அதை எப்படி முடித்தது. அந்த இரண்டு வரி பொருந்தினால் புள்ளி சரி. வகுப்பில் மூன்று பிள்ளைகள் மூன்று இடத்தில் புள்ளி வைத்து, மூவரும் கதையின் பக்கத்தைப் புரட்டிக் காட்டிப் பேசினால், படம் வரைந்ததன் பயன் கிடைத்துவிட்டது.

உச்சிக்குப் பிறகு பத்து வருடம். பக்கக் கணக்கில் இது இரண்டு செ.மீ. அளவுக்குத்தான் வரும். பத்திலிருந்து மூன்று வரை செங்குத்தாக இறங்கும். கஷ்டம் கூடுகிறதே, கோடு ஏன் இறங்குகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அச்சில் எழுதிவைத்த பெயரைக் காட்ட வேண்டும். அங்கே துன்பம் அதிகம், தெரியாத விடை என்று ஒன்றும் இல்லை. கடன் அடைபட்டுக்கொண்டே வருகிறது. கடைசித் தவணையோடு கோடு தரையைத் தொடப் போகிறது.

அங்கேதான் சாம்ஸ் எலிசே சந்திப்பு. பேசலாமா வேண்டாமா என்று மத்தில்டா தயங்கும்போது கோடு ஐந்துக்கு எழும்புகிறது. தோழியின் கடைசி வாக்கியத்தில் மறுபடி பத்து. அதற்குப் பிறகு கதை இல்லை. அச்சடித்த தாளில் வலது மூலையில் ‘முடிவு’ என்ற கட்டம் காத்திருப்பதால் பிள்ளைகள் எதையாவது எழுதி அதை நிரப்பிவிடுகிறார்கள். தோழி மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள் என்றுகூட எழுதுவார்கள். கதையில் அப்படி எதுவும் இல்லை. கொடுத்தாளா, மத்தில்டா அழுதாளா, சிரித்தாளா என்பதை மாப்பசான் சொல்லவே இல்லை. எனவே கோடு உயரத்திலேயே நின்றுவிட வேண்டும். கட்டத்தில் எழுதக்கூடியது, கடன் அடைந்தது, உண்மை வெளிப்பட்டது, அதன் விளைவு சொல்லப்படவில்லை என்பது மட்டும். முக்கோணத்தின் சமமான இறக்கம் இந்தக் கதையில் கிடையாது. இரண்டு உச்சியும், இரண்டாவது உச்சியிலேயே அறுந்து நிற்கும் கோடும்தான் இதன் உண்மையான வடிவம்.

இப்போது வேறு நிறப் பென்சிலை எடுங்கள். முடிவு தெரிந்த பிறகு கதையை இன்னொரு முறை படித்து, அதே தாளில் இரண்டாவது கோடு போட வேண்டும். நெக்லஸ் தொலைந்த பிறகு, பெட்டிக்குள் பெயர் இருந்த நகைக்கடைக்குக் கணவனும் மனைவியும் போகிறார்கள். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த நெக்லஸ் தன் கடையில் விற்றதல்ல, பெட்டி மட்டும்தான் தன்னுடையதாக இருக்கும் என்கிறார். முதல் வாசிப்பில் இது தேடலில் இன்னொரு ஏமாற்றம், அவ்வளவுதான். புள்ளி எட்டிலேயே இருக்கும். இரண்டாம் வாசிப்பில் நம் கை அங்கே நின்றுவிடும். நகை ஓரிடத்தில், பெட்டி ஓரிடத்தில். உண்மை அவர்கள் கண்ணெதிரே வந்து போயிருக்கிறது. அவ்வளவு விலை உயர்ந்த நகையைத் தோழி தயங்காமல் எடுத்துக் கொடுத்ததும், திரும்ப வந்தபோது பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காததும் இப்போது வேறு மாதிரி தெரியும். முதல் கோட்டில் தாழ்ந்து கிடந்த இடங்கள் இரண்டாவது கோட்டில் எழும்பி நிற்கும். கடைசி வரியின் அதிர்ச்சி வானத்திலிருந்து விழுந்தது அல்ல, எழுத்தாளர் அதற்கான வேலையை நடுவிலேயே செய்துவைத்திருக்கிறார் என்பதை இரண்டு கோடுகளுக்கும் உள்ள இடைவெளி காட்டும்.

தமிழ் வகுப்பில் இதே பயிற்சியைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் கதை கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. அவருக்கு 1970-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த தொகுப்பின் பெயரும் அதுதான். புத்தகங்களின்மேல் உயிராக இருக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், அவர்களுக்குப் புத்தகம் கொண்டுவந்து தருகிற ஒரு பெரியவர். கதையைச் சொல்பவரும் அவர்தான். பிள்ளைகள் வீட்டுக்குள் புகுந்து புத்தகங்களைப் புரட்டுவதும் சண்டை போடுவதுமாகப் பக்கங்கள் நகர்கின்றன. சாரங்கன் என்ற சிறுவன் மட்டும் ஒதுங்கி நிற்கிறான். புத்தாண்டு டைரி வேறு பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது, அவனுக்கு இல்லை. பிறகு அவன் வற்புறுத்தி அவரைத் தன் வீட்டுக்கு அழைக்கிறான். உபசாரமெல்லாம் முடிந்த பிறகு ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவரே தனக்கு அன்பளிப்பாகத் தந்தது போல எழுதிக் கொடுக்கச் சொல்கிறான். அவர் எழுதிக் கொடுப்பதோடு கதை நின்றுவிடுகிறது.

இதற்கு முதல் கோட்டைப் போட்டுப் பாருங்கள். முக்கால் தாள் வரை மூன்றைத் தாண்டாது. பிள்ளைகளின் கலகலப்பு அறிமுகம் போலவே நீண்டுகொண்டு போகும். ‘ஒரு நாள்’ வந்த பிறகும் பெரிய சிக்கல் என்று எதையும் தொட்டுக் காட்ட முடியாது. சிறுவன் எதற்காக வீட்டுக்குக் கூப்பிட்டான் என்ற சின்னக் குறுகுறுப்பு மட்டும் கடைசிப் பக்கங்களில் கோட்டைத் தூக்கும். டைரியை அவன் நீட்டும்போது அது பத்துக்குத் தாவி, அங்கேயே முடிந்துவிடும். இறங்குசரிவு கிடையாது. ‘தணிவு’ என்ற கட்டமே தேவைப்படாது. அச்சடித்த தாளில் இந்தக் கதையை நுழைக்க முயன்றால், இல்லாத ஒரு சிக்கலை நடுப்பக்கத்தில் நாமாகவே உண்டாக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது நிறத்தில் வரையும்போது சாரங்கன் வருகிற வரிகளை மட்டும் தேடிப் புள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். அவன் பேச வந்து பேசாமல் நின்றது, கேட்டது கிடைக்காமல் திரும்பியது, பெரியவர் கவனிக்காமல் அடுத்த பிள்ளையிடம் திரும்பிக்கொண்டது. முதல் வாசிப்பில் அறிமுகம் என்று தள்ளிவிட்ட பக்கங்களிலேயே அந்தக் கோடு ஏறத் தொடங்கிவிட்டிருக்கும். மேலே கலகலப்புக்கு ஒரு கோடு, அதன் அடியில் அந்தச் சிறுவனுக்கு ஒரு கோடு. இரண்டும் டைரியை நீட்டும் இடத்தில் சேர்கின்றன. மதிப்பெண் போடுகிற ஆசிரியர் இந்தத் தாளில் பார்க்க வேண்டியது, கீழ்க்கோட்டின் முதல் புள்ளி எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது, அதற்கு மாணவர் எந்தச் சம்பவத்தை எழுதியிருக்கிறார் என்பதைத்தான்.